மெஷினின் ஆயுள் கணிப்பு நடுவில் மாறினால் தேய்மானம் எப்படிப் போடுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கம் பம்ப், வால்வு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் சிறு கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் இருப்பவர்கள், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பதில்களை ஓர் இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் வசதி என்று தொகுத்திருக்கிறேன்.

பதில் முழுவதும் ஒரே மெஷினைத்தான் உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்: ஒரு சிஎன்சி வெர்ட்டிகல் மெஷினிங் சென்டர், பேச்சு வழக்கில் விஎம்சி. இறக்கி நிறுவிய செலவோடு சேர்த்து விலை 40,00,000 ரூபாய். கடைசியில் விற்றால் 2,00,000 ரூபாய் வரும் என்று கணிப்பு; இதுதான் எஞ்சிய மதிப்பு. ஆயுள் 10 ஆண்டு, நேர்கோட்டு முறை. ஆகவே ஆண்டுத் தேய்மானம் 38,00,000-ஐ 10-ஆல் வகுத்து 3,80,000. நான்கு ஆண்டு முடிந்துவிட்டது. 15,20,000 தேய்மானம் போட்டாயிற்று. புத்தக மதிப்பு 24,80,000. இந்தக் கடைசி எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதே ஒரு ஆயுள் போட்டாச்சு. அதை நடுவுல மாத்தலாமா? சட்டம் விடுமா?

விடுவது மட்டுமல்ல, மாற்றக் காரணம் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஏஎஸ் 10, இண்ட் ஏஎஸ் 16 என்ற கணக்கியல் தரநிலைகள் இரண்டுமே ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: ஆயுளையும் எஞ்சிய மதிப்பையும் குறைந்தது ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் மறுபடி பார்க்க வேண்டும், முன்பு நினைத்ததும் இப்போது நினைப்பதும் வேறுபட்டால் அதைக் கணக்கியல் மதிப்பீட்டில் வந்த மாற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்பதால் ஆண்டுதோறும் மாற்ற வேண்டும் என்று ஆகாது. பெரும்பாலான ஆண்டுகளில் "பார்த்தோம், மாற்றமில்லை" என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். அந்த ஒரு வரியைத்தான் பலர் எழுதுவதில்லை.

எந்த மாதிரி விஷயம் நடந்தா ஆயுளை மாத்தணும்?

முதலில், மெஷின் எத்தனை நாள் ஓடும் என்பது இங்கே கேள்வியே அல்ல. உங்கள் கம்பெனிக்கு அது எத்தனை நாள் பயன்படும் என்பதுதான் கேள்வி. நன்றாகப் பராமரித்த விஎம்சி இருபது ஆண்டுகூட ஓடும். ஆனால் நீங்கள் எட்டாம் ஆண்டில் விற்றுவிடுவீர்கள் என்றால் உங்கள் கணக்கில் அதன் ஆயுள் எட்டுதான்.

நம் உதாரணத்தில் இரண்டு விஷயங்கள் நடந்ததாக வைத்துக்கொள்வோம். கண்ட்ரோலர் தயாரித்த கம்பெனி, இந்த மாடலுக்கான போர்டுகளை இனிமேல் செய்யப் போவதில்லை என்று கடிதம் அனுப்பிவிட்டது. முக்கிய வாடிக்கையாளரின் புது டிராயிங்கில் டாலரன்ஸ் இறுகிவிட்டது. பால் ஸ்க்ரூ தேய்வைச் சரிக்கட்டிய பிறகும் இந்த மெஷின் அந்த அளவைத் தொடர்ந்து பிடிக்கவில்லை. பழைய வேலைகள் இன்னும் நான்கு ஆண்டுக்கு இருக்கின்றன. அதற்கு மேல் இதற்கு வேலை இல்லை என்று உற்பத்தி மேலாளர் எழுதிக் கொடுக்கிறார். மீதி ஆறு ஆண்டு என்று நினைத்தது நான்காகிவிட்டது.

மெஷின் ஓடும் ஷிஃப்ட் கூடுவது, செய்யும் பாகமே சந்தையிலிருந்து போவது, விற்கும் திட்டம் முன்தள்ளப்படுவது ஆகியவையும் இதே வகைதான். ஒரு மாதம் ரிப்பேர் பில் எகிறியதோ, வங்கிக் கடன் ஐந்து ஆண்டில் முடிவதோ காரணமாகாது. கடன் தவணையையும் மெஷின் ஆயுளையும் குழப்பிக்கொள்வது எங்கள் பக்கம் நிறையவே உண்டு.

சரி, கணக்கை எப்படிப் போடணும்? எண்ணோட சொல்லுங்க.

இன்று புத்தகத்தில் நிற்கும் மதிப்பை எடுங்கள்: 24,80,000. அதிலிருந்து எஞ்சிய மதிப்பு 2,00,000-ஐக் கழியுங்கள்: 22,80,000. இதை இனி மீதமிருக்கும் ஆயுளால் வகுங்கள். நான்கு ஆண்டு என்றால் ஆண்டுக்கு 5,70,000. ஐந்தாம் ஆண்டிலிருந்து எட்டாம் ஆண்டு வரை இதே தொகை; எட்டாம் ஆண்டு முடிவில் புத்தகத்தில் சரியாக 2,00,000 நிற்கும். எக்செலில் ஒரே வரி:

```
=SLN(2480000,200000,4)
```

மாற்றம் செய்த நாளில் தனியாக எந்த ஜர்னல் என்ட்ரியும் கிடையாது. பலருக்கு இது ஏமாற்றமாகவே இருக்கிறது; ஏதாவது ஒரு என்ட்ரி போட்டால்தான் வேலை முடிந்த நிம்மதி வரும் போல. மெஷின் விலை 40,00,000 அப்படியே இருக்கும், சேர்ந்த தேய்மானம் 15,20,000 அப்படியே இருக்கும். ஆண்டு முடிவில் வழக்கமாகப் போடும் தேய்மான என்ட்ரியில் 3,80,000-க்குப் பதிலாக 5,70,000 வரும், அவ்வளவுதான்.

ஆரம்பத்துலயே 8 வருஷம்னு தெரிஞ்சிருந்தா வருஷத்துக்கு 4,75,000 போட்டிருப்போமே. பழைய நாலு வருஷத்துக்கும் வித்தியாசத்தைப் போட வேண்டாமா?

வேண்டாம். அந்த நான்கு ஆண்டுகளில் 10 ஆண்டு என்று நினைத்ததற்கு அன்றைக்குக் காரணம் இருந்தது. கண்ட்ரோலர் கடிதம் அப்போது வரவில்லை, டிராயிங்கும் மாறவில்லை. அன்று கையில் இருந்த தகவலை வைத்துப் போட்ட கணக்கு அன்றைக்குச் சரி. புதுத் தகவல் இன்று வந்தது. அதன் விளைவு இன்றிலிருந்து வரும் ஆண்டுகளில்தான் தெரிய வேண்டும். விட்டுப்போன நான்கு 95,000-ஐயும் சேர்த்து 3,80,000 என்று ஒரே ஆண்டில் ஏற்றினால், இந்த ஆண்டு லாபம் காரணமில்லாமல் அடிவாங்கும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு இருந்த ஏஎஸ் 6-ல், தேய்மான முறையையே மாற்றினால், உதாரணமாகக் குறைந்துசெல்லும் முறையிலிருந்து நேர்கோட்டுக்குப் போனால், வாங்கிய நாளிலிருந்து திரும்பக் கணக்கிட்டு வித்தியாசத்தைப் போட வேண்டியிருந்தது. சீனியர்கள் நினைவில் வைத்திருப்பது அதைத்தான். ஆயுள் மாற்றத்துக்கு அப்போதுகூட மீதியை மீதி ஆண்டுகளில் பரப்புவதுதான் விதி. 2016-ல் திருத்திய ஏஎஸ் 10 வந்த பிறகு முறை மாற்றமும் மதிப்பீட்டு மாற்றம்தான். அதற்கும் பின்னோக்கிப் போகும் வேலை இல்லை.

புது ஆயுள் மொத்தம் 8 வருஷம். அப்ப 22,80,000-ஐ 8-ஆல தானே வகுக்கணும்?

நான் பார்த்ததில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். 8 என்பது வாங்கிய நாளிலிருந்து எண்ணும் மொத்த ஆயுள். அதில் நான்கு முடிந்துவிட்டது. மீதி மதிப்பை மீதி ஆயுளால்தான் வகுக்க வேண்டும். 8-ஆல் வகுத்தால் 2,85,000 வரும். ஆயுள் குறைந்தால் தேய்மானம் கூடத்தான் வேண்டும். 3,80,000-லிருந்து 2,85,000-க்கு இறங்கினால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும்.

இதன் இன்னொரு வடிவம், 4,75,000-ஐ மீதி நான்கு ஆண்டுக்கு மட்டும் போடுவது. அப்போது 19,00,000 கழிந்து எட்டாம் ஆண்டு முடிவில் 5,80,000 நிற்கும். மேலே சொன்ன அதே 3,80,000 போக வழியில்லாமல் புத்தகத்தில் தங்கிவிடுகிறது.

இரண்டு தவறையும் பிடிக்க ஒரே வழி: சொத்துப் பதிவேட்டில் இந்த ஆண்டு எண்ணோடு நிறுத்தாமல் கடைசி ஆண்டு வரை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். கடைசி ஆண்டு முடிவில் நிற்கும் தொகை எஞ்சிய மதிப்போடு ஒத்துப்போகவில்லை என்றால் வகுத்த எண் தப்பு. சாஃப்ட்வேரில் போடுபவர்கள், ஆயுள் கேட்கும் இடத்தில் அது மொத்த ஆயுளைக் கேட்கிறதா மீதி ஆயுளைக் கேட்கிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். ஆயுளை ஒரு மாதம் மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எஞ்சிய மதிப்பையும் இதே நேரத்துல மாத்தலாமா?

மாற்றலாம், அதையும் மறுபடி பார்க்கச் சொல்லித்தான் விதி இருக்கிறது. எட்டாம் ஆண்டிலேயே விற்பதால் பத்தாம் ஆண்டு மெஷினைவிடக் கொஞ்சம் கூடுதல் விலை கிடைக்கும் என்பது நியாயமான வாதம். 3,20,000 கிடைக்கும் என்று பழைய மெஷின் வியாபாரியிடம் கொட்டேஷன் இருந்தால், 24,80,000-லிருந்து 3,20,000 போக 21,60,000. நான்கால் வகுத்தால் 5,40,000.

கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி எஞ்சிய மதிப்பு பொதுவாக ஆரம்ப விலையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் 2,00,000 சரியாக அந்த 5 சதவீதம். 3,20,000 என்றால் 8 சதவீதம் ஆகிறது; தாண்டலாம், ஆனால் காரணத்தைக் குறிப்பில் சொல்ல வேண்டும், அதற்குத் தொழில்நுட்ப ஆலோசனையும் கையில் இருக்க வேண்டும்.

வருஷ நடுவுல, அக்டோபர்ல முடிவு பண்ணினா எப்படி?

தகவல் வந்த நாளிலிருந்துதான் புதுக் கணக்கு. ஐந்தாம் ஆண்டின் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பழைய விகிதம்: 1,90,000. புத்தக மதிப்பு 22,90,000 ஆகிறது. எட்டாம் ஆண்டு முடிவில்தான் மெஷின் போகிறது என்றால் மீதி மூன்றரை ஆண்டு. 20,90,000-ஐ 3.5-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 5,97,143. மீதி அரையாண்டுக்கு 2,98,571. ஐந்தாம் ஆண்டின் மொத்தத் தேய்மானம் 4,88,571.

சிறு கம்பெனிகளில் மார்ச் மாதம்தான் இந்த ஆய்வே நடக்கும். அப்போது அந்த ஆண்டு ஏப்ரல் முதலே புது ஆயுளை எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தொகை சிறிதென்றால் பெரும்பாலும் யாரும் ஆட்சேபிப்பதில்லை. எது செய்தாலும் எல்லா மெஷினுக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள். காலாண்டு முடிவுகளை வெளியிடும் கம்பெனி என்றால் வெளியிட்ட காலாண்டைத் தொடக் கூடாது.

நாங்க குறைந்துசெல்லும் முறை போடுறோம். எங்களுக்கு இதே கணக்கு வராதே?

தத்துவம் அதேதான், மாறுவது சதவீதம். 10 ஆண்டு, 5 சதவீத எஞ்சிய மதிப்புக்கு விகிதம் 25.89 சதவீதம். அதே மெஷின் நான்கு ஆண்டு கழித்து உங்கள் புத்தகத்தில் சுமார் 12,06,800-ல் நிற்கும். இதை நான்கு ஆண்டில் 2,00,000-க்குக் கொண்டுவரும் புதுச் சதவீதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்:

```
=1-(200000/1206800)^(1/4)
```

36.2 சதவீதம் வரும். ஐந்தாம் ஆண்டுத் தேய்மானம் சுமார் 4.37 லட்சம்; பழைய விகிதத்திலேயே விட்டிருந்தால் 3.12 லட்சம். இங்கே சிலர் புது மொத்த ஆயுளான 8 ஆண்டுக்குரிய சதவீதத்தை அட்டவணையில் பார்த்து அப்படியே போட்டுவிடுகிறார்கள். அது விலையிலிருந்து தொடங்கும் மெஷினுக்கான சதவீதம், நடுவழியில் நிற்கும் மெஷினுக்கு ஆகாது. கடைசி ஆண்டு வரை ஓட்டிப் பார்க்கும் சோதனை இங்கும் செல்லும்.

இரண்டாம் அட்டவணைல மெஷினுக்கு 15 வருஷம்னு இருக்கு. நீங்க 10-னு போட்டது எப்படி? இரண்டு ஷிஃப்ட் ஓட்டினா தனியா கூட்டணுமா?

பொதுவான எந்திரங்களுக்கு 15 ஆண்டு என்பது சரி. அந்த 15 ஒரு ஷிஃப்டை மனதில் வைத்தது. இரண்டு ஷிஃப்ட் ஓடிய காலத்துக்குத் தேய்மானத்தை 50 சதவீதமும், மூன்று ஷிஃப்டுக்கு 100 சதவீதமும் கூட்டச் சொல்கிறது அட்டவணை. கூட்டக் கூடாது என்று குறியிட்ட சில சொத்துகளுக்கு மட்டும் இது இல்லை. அட்டவணையிலிருந்து விலகி வேறு ஆயுளும் வைக்கலாம். தொழில்நுட்ப ஆலோசனையும் நிதிநிலை அறிக்கையில் விளக்கமும் வேண்டும்.

நம் விஎம்சி முதல் நாளிலிருந்தே இரண்டு ஷிஃப்ட். 38,00,000-ஐ 15-ஆல் வகுத்து ஒன்றரையால் பெருக்கினாலும் 3,80,000 வருகிறது, 10-ஆல் வகுத்தாலும் அதே 3,80,000. ஆகவே 10 என்ற ஆயுளிலேயே ஷிஃப்ட் அடங்கிவிட்டது. அதன் மேல் இன்னொரு 50 சதவீதம் கூட்டினால் ஒரே தேய்வை இருமுறை எழுதியதாகும். அட்டவணையின் 15-ஐ அப்படியே வைத்திருக்கும் கம்பெனி, ஷிஃப்ட் கூடியதற்காக ஆயுளைத் திருத்த வேண்டியதில்லை, கூட்டுத் தேய்மானம் போட்டால் போதும். சொந்தக் கணிப்பு வைத்திருப்பவர்கள் ஷிஃப்ட் மாறினால் ஆயுளைத் திருத்த வேண்டும்.

எங்க கதை தலைகீழ். புதுக் கண்ட்ரோலர் மாட்டிட்டோம், இன்னும் 8 வருஷம் ஓடும். இப்ப?

வெறும் ஆயுள் நீட்சி என்றால் சுலபம்: 22,80,000-ஐ 8-ஆல் வகுத்து 2,85,000. ஆனால் இங்கே பணம் செலவழித்திருக்கிறீர்கள், அதனால் புத்தக மதிப்பே மாறுகிறது. புதுக் கண்ட்ரோலருக்கு 5,00,000 ஆனது என்று வைப்போம். அது பல ஆண்டு பலன் தருவதால் மெஷின் விலையோடு சேரும். கழற்றிய பழைய கண்ட்ரோலர் புத்தகத்தில் இருக்கக் கூடாது. அதை நீக்க வேண்டும். இந்த நீக்கத்தைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

பழைய கண்ட்ரோலருக்குத் தனி பில் இருக்காது. புதியதன் விலையை வைத்து, வாங்கிய காலத்தில் அது என்ன விலை இருந்திருக்கும் என்று கணிக்க விதி அனுமதிக்கிறது. 4,00,000 என்று கணித்தால், மெஷினின் புத்தக மதிப்பு இன்று விலையில் 62 சதவீதம் என்பதால் பழைய பாகத்தின் மீதி மதிப்பு 2,48,000. அது இந்த ஆண்டு நஷ்டமாகப் போகும். கழற்றிய கண்ட்ரோலரைப் பழைய பொருளாக விற்றிருந்தால் அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

இப்போது 24,80,000-லிருந்து 2,48,000 போய் 5,00,000 சேர்ந்து 27,32,000. எஞ்சிய மதிப்பு போக 25,32,000. எட்டால் வகுத்தால் 3,16,500. மெஷின் உடல் எட்டு ஆண்டும் கண்ட்ரோலர் ஆறு ஆண்டும்தான் வரும் என்றால் இரண்டையும் தனித்தனி வரியாகப் பிரித்துவிடுங்கள். பெரிய பாகத்துக்கு வேறு ஆயுள் இருந்தால் பிரிப்பது கட்டாயம்.

மெஷின் 2,00,000-க்கு இறங்கி நின்னுடுச்சு, ஆனா இன்னும் ஜம்முனு ஓடுது. மதிப்பை மேல தூக்கலாமா?

ஆயுளை நீட்டுவதால் முடியாது. பரப்புவதற்கு மீதி ஏதாவது புத்தகத்தில் இருக்க வேண்டும். எஞ்சிய மதிப்புக்கு வந்த பிறகு வகுக்க ஒன்றுமில்லை. போட்ட தேய்மானத்தைத் திருப்பி எழுதவும் வழியில்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், தேய்மானம் பூஜ்யமாக இருக்கும். மறுமதிப்பீட்டு முறைக்கு மாறுவது தனிப் பாதை; அந்த வகைச் சொத்து முழுவதையும் மதிப்பிட வேண்டும், அதுவும் தொடர்ந்து. ஒரு மெஷினுக்காக யாரும் அதில் இறங்குவதில்லை.

ஒரு ஷெட்டில் பாதி மெஷின்கள் இப்படி நின்றால், முதலில் போட்ட ஆயுள்கள் குட்டையாக இருந்திருக்கின்றன என்று பொருள். அடுத்து வாங்கும் மெஷினுக்கும், இன்னும் மதிப்பு மிச்சமிருக்கும் மெஷின்களுக்கும் ஆயுளை இப்போதே திருத்திப் பாருங்கள்.

ஆயுள் குறைஞ்சுதுன்னா மெஷினோட மதிப்பே விழுந்துருச்சுன்னுதானே அர்த்தம்? நஷ்டம் எழுதணுமா?

எழுத வேண்டியும் வரலாம், வராமலும் போகலாம், பார்த்தாக வேண்டும். ஆயுள் குறைந்த காரணம் பெரும்பாலும் மதிப்புச் சரிவுக்கும் அறிகுறி. ஏஎஸ் 28 சொல்வது: மெஷினை இன்று விற்றால் செலவு போகக் கிடைக்கும் தொகை ஒன்று, தொடர்ந்து ஓட்டினால் வரும் பணத்தின் இன்றைய மதிப்பு இன்னொன்று; இரண்டில் பெரியதைப் புத்தக மதிப்போடு ஒப்பிடுங்கள். பெரியதே 24,80,000-ஐவிடக் குறைவு என்றால் வித்தியாசம் நஷ்டம்.

வரிசை முக்கியம். முதலில் இந்த நஷ்டம், பிறகு மீதியைப் பரப்புவது. விற்றால் 14,00,000, ஓட்டினால் 18,00,000 என்றால், 6,80,000 இப்போதே நஷ்டம். புத்தக மதிப்பு 18,00,000 ஆகிறது. எஞ்சிய மதிப்பு போக 16,00,000, நான்கால் வகுத்து ஆண்டுக்கு 4,00,000. 5,70,000 போட்டுவிட்டு இந்தச் சோதனையை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளினால், இந்த ஆண்டு நஷ்டம் அடுத்த ஆண்டுக்கு ஓடிப்போகிறது. மெஷின் தனியாகப் பணம் ஈட்டாமல் ஒரு லைனின் பகுதியாக இருந்தால் அந்த லைன் முழுவதையும் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும்.

இந்த வருஷம் லாபம் கம்மி. எல்லா மெஷினுக்கும் ரெண்டு வருஷம் கூட்டி வைக்கலாமான்னு முதலாளி கேட்கிறார்.

மெஷினைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்தது என்று அவரிடம் கேளுங்கள். பதில் லாபத்தைப் பற்றியே இருந்தால் அது ஆயுள் திருத்தம் அல்ல. இதைப் பெரிய அளவில் செய்து மாட்டியது அமெரிக்காவின் வேஸ்ட் மேனேஜ்மெண்ட். குப்பை லாரிகளின் ஆயுளை நீட்டியும், எஞ்சிய மதிப்பை ஆதாரமில்லாமல் ஏற்றியும் தேய்மானத்தைக் குறைத்தது என்பது அதன் மீது வைக்கப்பட்ட முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1998-ல் பழைய ஆண்டுகளின் கணக்கைத் திருத்தி 170 கோடி டாலரைக் குறைத்துக்கொண்டார்கள். 2002-ல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு முன்னாள் நிர்வாகிகள் மீது வழக்குப் போட்டது.

லாபம் கூடுகிற ஒவ்வொரு நீட்சியும் மோசடி என்றும் இல்லை. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2023 தொடக்கத்தில் சர்வர்களின் ஆயுளை நான்கிலிருந்து ஆறு ஆண்டாக்கியது. அந்த ஆண்டுத் தேய்மானம் 390 கோடி டாலர் குறைந்தது என்று அறிக்கையிலேயே போட்டது. அமேசான் 2024-ல் சர்வர்களை ஐந்திலிருந்து ஆறாக்கிவிட்டு, 2025 தொடக்கத்தில் அவற்றில் ஒரு பகுதியை மறுபடி ஐந்துக்குக் கொண்டுவந்தது, தொழில்நுட்பம் வேகமாக மாறுவதைக் காரணம் காட்டி. கூட்டவும் குறைக்கவும் தயாராக இருப்பதும், எவ்வளவு மாறியது என்பதை வெளியில் சொல்வதும்தான் ஆடிட்டரின் நம்பிக்கையைப் பெறும்.

உண்மையில ஆரம்பத்துல போட்டதே தப்பு. ரிப்போர்ட்ல 8-னு இருக்கு, என்ட்ரி போட்டவர் 10-னு போட்டுட்டார். இதுவும் அதே கணக்கா?

இல்லை. பழைய நான்கு ஆண்டுக்கு வித்தியாசம் வேண்டாம் என்று மேலே சொன்னதற்குக் காரணம், அன்றைய தகவலுக்கு அன்றைய கணக்கு சரி என்பதுதான். இங்கே அன்றைக்கே 8 என்ற தகவல் கோப்பில் இருந்தது. ஆகவே இது பிழை. அந்த 3,80,000-ஐப் போட்டே ஆக வேண்டும்.

ஏஎஸ் பின்பற்றும் கம்பெனி அதை முந்தைய காலத்துச் செலவு என்று இந்த ஆண்டு லாப நஷ்டக் கணக்கில் தனியாகக் காட்டும். இண்ட் ஏஎஸ் கம்பெனி, தொகை முக்கியமானது என்றால், பழைய ஆண்டு எண்களையே திருத்திக் காட்டும். திருத்திய பிறகு புத்தக மதிப்பு 21,00,000. மீதி நான்கு ஆண்டுக்கு 4,75,000 வீதம். நஷ்டம் தெரியாமலிருக்க பிழையை "கணிப்பு மாறியது" என்று எழுதுவது உண்டு. வாங்கிய காலத்து ரிப்போர்ட்டை ஆடிட்டர் கேட்டால் அது நிற்காது.

தேய்மானம் கூடினா வருமான வரி குறையுமா?

குறையாது. வருமான வரியில் மெஷினின் ஆயுளுக்கே இடமில்லை. மெஷின்கள் ஒரு தொகுதியாகச் சேர்ந்து, பொதுவான எந்திரங்களுக்கு 15 சதவீதம் குறைந்துசெல்லும் முறையில் தேயும். நீங்கள் புத்தகத்தில் 3,80,000 போட்டாலும் 5,70,000 போட்டாலும் கட்டும் வரி அதே வரி.

மாறுவது ஒத்திவைத்த வரி. புத்தக லாபம் 1,90,000 குறைந்தும் கட்டும் வரி குறையாததால், 25.168 சதவீத விகிதத்தில் இருக்கும் கம்பெனிக்குச் சுமார் 47,800 ரூபாய் அளவுக்கு ஒத்திவைத்த வரிக் கணக்கு மாறும். கம்பெனி அல்லாத தனியாள் தொழில்கள் பல, புத்தகத்திலேயே வரி விகிதத்தைத்தான் போட்டுக்கொள்கின்றன. அவர்கள் கணக்கில் ஆயுள் என்ற ஒன்றே இல்லாததால் திருத்தவும் ஒன்றுமில்லை.

ஆடிட்டர் கிட்ட என்ன பேப்பர் காட்டணும், குறிப்புல என்ன எழுதணும்?

நம் விஎம்சிக்கு என்றால்: கண்ட்ரோலர் நிறுத்தம் பற்றிய கடிதம், புது டிராயிங், மெஷின் அளவு பிடிக்காததைக் காட்டும் ஆய்வுத் தாள், மீதி நான்கு ஆண்டு என்று உற்பத்தி மேலாளரோ வெளி இன்ஜினியரோ தேதியோடு கையெழுத்திட்ட குறிப்பு, அதை ஏற்ற போர்டு தீர்மானம். தேதிகளைக் கவனியுங்கள். மார்ச் 31-க்குப் பிறகு வந்த கடிதத்தை வைத்து முந்தைய ஏப்ரலிலிருந்து ஆயுளைக் குறைத்தால் முதல் கேள்வியே அங்கேதான் விழும்.

நிதிநிலை அறிக்கையின் குறிப்பில் மாற்றத்தின் தன்மையும் தொகையும் வர வேண்டும். இப்படி எழுதலாம்: "ஒரு மெஷினிங் சென்டரின் மொத்தப் பயன்பாட்டு ஆயுள், உதிரிபாக நிறுத்தத்தின் காரணமாக, தொழில்நுட்ப ஆலோசனையின் அடிப்படையில் 10 ஆண்டிலிருந்து 8 ஆண்டாகத் திருத்தப்பட்டது. இதனால் இந்த ஆண்டுத் தேய்மானம் ரூ. 1,90,000 கூடி, வரிக்கு முந்தைய லாபம் அதே அளவு குறைந்துள்ளது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு இதே அளவு கூடும்." ஒன்பதாம், பத்தாம் ஆண்டுகளில் போட்டிருக்க வேண்டிய 3,80,000 வீதம் இனி இருக்காது என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம், நான்கு 1,90,000-உம் இரண்டு 3,80,000-உம் ஒரே தொகை.